மீன் குடுத்த அம்மாவா, யார்கிட்ட மீன் வாங்குனேனோ அந்த அம்மாவா? பெயரெச்சமும் அதோட போட்டியாளருங்களும்

பாண்டில எங்க தெருவுல வாடகைக்கு இருக்குற ஒரு பிரெஞ்சுக்கார பொண்ணு எங்கிட்ட தமிழ் கத்துக்குறாங்க. ஒரு நாள் வீட்டுக்கார அம்மாகிட்ட, "நேத்து நான் பெரிய மார்க்கெட் போன அக்கா ஊருக்கு போயிட்டாங்க"ன்னு சொன்னாங்க. அந்தம்மா ரெண்டு நொடி யோசிச்சிட்டு, "மார்க்கெட்டுக்கு நீ போனியா, அக்கா போனாங்களா?"ன்னு கேட்டாங்க. சொல்ல வந்தது, எந்த அக்காவோட சேர்ந்து மார்க்கெட் போனாங்களோ அந்த அக்காவ. சொல்லு எல்லாம் சரி, வரிசையும் சரி, வினைய பெயருக்கு முன்னாடி வைக்கணும்ங்குற விதியும் சரி. ஆனா வாக்கியம் நிக்கல. ஏன் நிக்கலன்னு அவங்களுக்கு விளக்க உக்காந்தப்பதான் இத ஒழுங்கா பிரிச்சு எழுதணும்னு தோணுச்சு.

இங்கிலீஷ்ல ஹூ, விச், ஹூம், பிரெஞ்சுல கி, கெ, தோன்னு தனியா ஒரு சொல்லு இருக்கு. பெயர மொதல்ல சொல்லிட்டு, அந்தச் சொல்ல போட்டு, அப்புறம் விவரத்த சொல்லுவாங்க. அந்த சின்ன சொல்லு ரெண்டு வேல பாக்குது. ஒன்னு, பெயரையும் விவரத்தையும் ஒட்டுது. இன்னொன்னு, விவரத்துக்குள்ள அந்த ஆளு யாரு, செஞ்சவரா, வாங்கினவரா, கூட வந்தவரான்னு காட்டுது. தமிழ்ல ஒட்டுற வேலைய வாங்குன, வாங்குற, வாங்கும், வாங்காத அப்படிங்குற வினை முடிவே பாத்துக்குது, இப்படி பெயருக்கு முன்னாடி நிக்குற வினையத்தான் பெயரெச்சம்னு சொல்றோம். ரெண்டாவது வேலைய பாக்க ஆளே கிடையாது.

பெயருல ஒட்டுற வேற்றுமை உருபும் உதவாது. "மீன் குடுத்த அம்மாகிட்ட கேளு"ன்னா அந்த "கிட்ட" கேக்குறதுக்கு சொந்தம், குடுத்ததுக்கு இல்ல. குடுத்தது அந்தம்மாவா, இல்ல நாம அந்தம்மாவுக்கு குடுத்தோமான்னு எந்த உருபும் சொல்றதில்ல.

அப்ப நாம எப்படி புரிஞ்சிக்கிறோம்? காலி இடத்த வச்சுதான். குடுக்குறதுன்னா மூணு இடம் இருக்கு: யாரு, எத, யாருக்கு. "அண்ணன் பணம் குடுத்த பையன்"னா குடுத்தவரும் பணமும் உள்ளயே வந்தாச்சு, மிச்சம் இருக்குறது வாங்குனவன் இடம், பையன் அதுல போய் உக்காந்துடுறான். "அண்ணனுக்கு பணம் குடுத்த பையன்"னா குடுத்தவன் இடம் காலி, பையன்தான் குடுத்தான். வெறும் "பணம் குடுத்த பையன்"னு சொன்னா ரெண்டு இடம் காலி, கேக்குறவங்க அநேகமா குடுத்தவன்னுதான் எடுத்துப்பாங்க. நீங்க நெனச்சது வேறன்னா "நாம பணம் குடுத்த பையன்"னு அந்த "நாம"வ போட்டே ஆகணும், தமிழ்ல பேசும்போது நாம சாதாரணமா முழுங்கிடுற எழுவாய இங்க மட்டும் முழுங்கக்கூடாது.

பொருளுக்கு, இடத்துக்கு, நேரத்துக்கு இந்த தொல்லையே வராது. மீன் வெட்டுன கத்தி, மீன் வெட்டுன எடம், மீன் வெட்டுன நேரம், மூணுலயும் உருபு இல்ல, ஆனா கத்தி தானா மீன் வெட்டாதுன்னு எல்லாருக்கும் தெரியும். நன்னூல் பெயரெச்சத்துக்கு ஆறு பொருள் சொல்லுது: செய்பவன், கருவி, இடம், செயல், காலம், செயப்படுபொருள். கூடப் போனவரு அந்த ஆறுல இல்ல. எனக்கு இது ரொம்ப முக்கியமா படுது, ஏன்னா அந்தப் பொண்ணு சறுக்குனது சரியா அந்த எடத்துலதான். "கூட", "விட" ரெண்டும் போச்சுன்னா திரும்ப கண்டுபிடிக்க வழியே இல்ல.

சரி, அங்க என்ன செய்யலாம்? மூணு வழி இருக்கு.

மொத வழி "யார்... ஓ, அவங்க" கட்டுமானம். "நான் எந்த அக்காகூட மார்க்கெட் போனேனோ அந்த அக்கா." உருபு பத்திரமா இருக்கு, குழப்பமே இல்ல. இத வடமொழில இருந்து வந்ததுன்னு ஒதுக்குறவங்க இருக்காங்க, ஆனா "எவ்வழி நல்லவர் ஆடவர், அவ்வழி நல்லை"ன்னு புறநானூறுலயே எ-வும் அ-வும் ஜோடியா நிக்குது, அதனால அந்த காரணத்த வச்சு நான் ஒதுக்க மாட்டேன். என் பிரச்சன வேற. தெரிஞ்ச ஒரே ஆள காட்ட இத போட்டா பேச்சு கோர்ட்டு பத்திரம் மாதிரி கனத்துடுது. ஆனா ஆளு இன்னும் யாருன்னு தெரியாதப்போ இதுக்கு ஈடு கிடையாது. 2011 டிசம்பர் 30 தானே புயல் கடலூருக்கும் பாண்டிக்கும் நடுவுல கரைய கடந்துச்சு. அந்த மாதிரி நேரத்துல தெருவுல நின்னு "யாருக்கெல்லாம் கூரை போச்சோ அவங்கல்லாம் பேரு குடுங்க"ன்னு சொல்றதுதான் சரி. அதே "கூரை பறந்த குடும்பம்"னு சொன்னா கணக்கு எடுத்து முடிச்ச, தெரிஞ்ச குடும்பம் மாதிரி கேக்குது. (கூரை பறந்த குடும்பம், அப்பா கப்பல்ல வேல பாக்குற பையன், இதுலல்லாம் "ஓட" உருபு காணாம போயிருக்கு பாருங்க, ஆனா சொந்தம், உடம்பு, வீடுன்னு ஒட்டி இருக்குற விஷயத்துல அது நமக்கு உறுத்தவே மாட்டேங்குது.)

ரெண்டாவது வழி ரெண்டா ஒடைக்கிறது. "நேத்து ஒரு அக்காகூட மார்க்கெட் போனேன்ல, அவங்க ஊருக்கு போயிட்டாங்க." பேச்சுல இதுதான் லேசா வரும், கேக்குறவங்களும் கடைசி வரைக்கும் பெயருக்காக காத்திருக்க வேணாம். விவரம் நீளமா இருந்தா நான் இதத்தான் எடுப்பேன். "கன்னியக்கோவில்ல பஸ் மாறும்போது குடைய விட்டுட்டு எறங்குன தங்கச்சிக்கு அத ஓடிவந்து குடுத்த கண்டக்டர்"னு சொல்லி முடிக்கிறதுக்குள்ள யாரப் பத்தின கதன்னே தெரியாது. எழுத்துல ஆனா "ல"வ வச்சு ஓட்ட முடியாது.

மூணாவது வழி, எனக்கு புடிச்சது, வினைய திருப்பிப் போடுறது. யார பத்தி சொல்றோமோ அவங்கள செய்யுற எடத்துக்கு கொண்டுவந்துட்டா உருபு தேவையே படாது. "நான் மார்க்கெட் போன அக்கா" நிக்காது, "என்கூட மார்க்கெட் வந்த அக்கா" ஜம்முனு நிக்கும், போனேன் வந்தாங்கன்னு மாறிடுச்சு, அவ்வளவுதான். "நான் மீன் வாங்குன அம்மா" புரியும், ஆனா "எனக்கு மீன் குடுத்த அம்மா"ல தடுக்கல் இல்ல. "எவன விட நான் குள்ளமோ அவன்" வேணாம், "என்ன விட ஒசரமா இருக்குறவன்" போதும். வாங்கு-குடு, போ-வா, கேளு-சொல்லுன்னு தமிழ்ல ஜோடி வினை நெறைய இருக்குறதால பெரும்பாலும் திருப்பிட முடியுது. ஜோடி கிடைக்காத வினைக்கு மட்டும்தான் மத்த ரெண்டு வழிக்கு போவேன். "எந்த ஆளுக்காக நான் மூணு மணி நேரம் காத்திருந்தேனோ", இத திருப்பினா "என்ன மூணு மணி நேரம் காக்க வச்ச ஆளு"ன்னு ஆகுது, அர்த்தத்துல பழி ஏறிடுது, அவரு பாவம் பஸ் கிடைக்காம நின்னிருக்கலாம். அங்க ஒடைச்சு சொல்றதுதான் நியாயம்.

திருப்பிப் போட்டாலும் தீராத ஒன்னு இருக்கு. "கடலூர்ல இருந்து வந்த அக்காவோட பொண்ணு." வந்தது அக்காவா, பொண்ணா? பெயரெச்சம் பக்கத்துல இருக்குற பெயரையும் புடிக்கும், அத தாண்டி அடுத்ததையும் புடிக்கும். வாயால சொல்லும்போது "வந்த"க்கு அப்புறம் ஒரு மூச்சு விட்டா பொண்ணுன்னு ஆகும், எழுத்துல மூச்சு இல்ல. அதனால "அக்காவோட"வ முன்னாடி தூக்கிடுங்க: "அக்காவோட, கடலூர்ல இருந்து வந்த பொண்ணு." இப்ப வந்தது பொண்ணு மட்டும்தான். அக்காதான் வந்தாங்கன்னா "கடலூர்ல இருந்து அக்கா வந்திருக்காங்க, அவங்க பொண்ணு"ன்னு ஒடைக்கிறத தவிர வேற சுத்தமான வழி எனக்கு தெரிஞ்சு இல்ல.

அந்த பிரெஞ்சு பொண்ணுக்கு இதுல ஒன்னே ஒன்னுதான் சொல்லிக் குடுத்தேன்: வாய தொறக்குறதுக்கு முன்னாடி மனசுக்குள்ள "கூட"ன்னு ஒரு சொல்லு ஓடுதான்னு பாருங்க, ஓடுச்சுன்னா அது "என்" மேல ஏறணும். அடுத்த வாரம் வந்து, "என்கூட தமிழ் பேசுற மீன்கார அம்மா இன்னைக்கு எனக்கு ரெண்டு சங்கரா கூட போட்டாங்க"ன்னாங்க.