கர்ட்டன் தைக்கக் குடுக்கப் போறீங்களா? 6,582 ரூபா விட்டவ சொல்றேன், படிச்சுட்டுப் போங்க

இன்னும் கை நடுங்குது கோவத்துல, அதனால எழுத்துப்பிழை இருந்தா பொறுத்துக்கங்க. ஈரோட்ல இருந்துகிட்டு, சென்னிமலை பெட்ஷீட் ஊருக்குப் பக்கத்துல பொறந்து வளந்துட்டு, துணிலயே ஏமாந்திருக்கேன். அம்மாகிட்ட இன்னும் சொல்லல.

போன மாசம் புது வீட்டுக்கு வந்தோம். ஹால்ல ஒண்ணு, ரெண்டு பெட்ரூம்ல ஒவ்வொண்ணு, மொத்தம் மூணு ஜன்னல். எல்லாமே 6 அடி அகலம், 5 அடி உயரம். வீட்டுக்கே வந்து அளவெடுத்து தெச்சு மாட்டித் தர்ற கடைல சொன்னோம். கடை பேர் போடல, வீட்டுக்காரர் வேணாம்னுட்டார்.

அளவெடுக்க வந்த தம்பி இருக்கானே, அவனப் பாத்தா யாரும் நம்புவாங்க. செருப்ப வெளியவே விட்டுட்டு வந்தான், காபி வேணாங்க்கா தண்ணி போதும்னான், ஜன்னல மூணு எடத்துல அளந்தான், ஸ்டீல் டேப்புல. ராட் ரெண்டு பக்கமும் அரை அடி வெளிய வரணுங்க்கா, இல்லன்னா ஓரத்துல வெளிச்சம் அடிக்கும்னான். சரி, 7 அடி ராட், 84 இஞ்ச். அப்புறம் அவனே உக்காந்து எனக்குப் பாடம் எடுத்தான். ராட் அகலத்துக்கு அப்படியே துணி எடுத்தா பெட்ஷீட் காயப்போட்ட மாதிரி தொங்குங்க்கா, ஒண்ணுக்கு ரெண்டு எடுத்தாதான் கொசுவம் விழும்னான். 84க்கு ரெண்டு மடங்கு 168, ஓர மடிப்புக்கு 8 இஞ்ச், மொத்தம் 176. துணி அகலம் 48, அப்ப ஜன்னலுக்கு 4 துண்டு வரும், ரெண்டு ரெண்டா ஜாயிண்ட் பண்ணி பக்கத்துக்கு ஒரு பெரிய கர்ட்டன். இதுல ஒரு தப்பும் இல்லீங்க, கணக்கு சுத்தமான கணக்கு. கணக்கு சரியா சொன்னதுனாலதான் அவன நம்பினேன்!

தம்பி வாயால சொன்ன கணக்கு இப்படி, பில்லுல மீட்டரும் தொகையும் மட்டும்தான் எழுதினான். துணி மீட்டர் 380, ஒரு துண்டுக்கு ரெண்டரை மீட்டர், 12 துண்டு, 30 மீட்டர், 11,400. லைனிங் மீட்டர் 160, அதுவும் 30 மீட்டர், 4,800. தையல் பேனலுக்கு 150, லைனிங் வெச்சதுக்கு கூட 100. நான் பேனல்னா ஒரு கர்ட்டன்னு நெனச்சேன், ஆறு கர்ட்டன் 1,500னு. அவங்க 48 இஞ்ச் துண்டு ஒண்ணு ஒரு பேனல்னு 12க்குப் போட்டு 3,000 வாங்கிட்டாங்க. ஆக 19,200, ஜிபேல அப்பவே அனுப்பிட்டேன், அவன் போனுக்கு மெசேஜ் வர்றதுக்கு முன்னாடி நன்றிக்கான்னான்.

அந்த ரெண்டரை மீட்டர்லயே உறுத்தியிருக்கணும். கர்ட்டன் இறக்கம் 72 இஞ்ச், மேல ரிங் பட்டிக்கு 5, கீழ மடிப்புக்கு 7, மொத்தம் 84, அதாவது 2.13 மீட்டர். பெரிய பூ டிசைனா இருந்தா பூவுக்குப் பூ சேர்க்க கூட வேணும், என்னோடது பிளைன். கேட்டதுக்கு துவைச்சா சுருங்குங்க்கான்னான். பாலியஸ்டர் துணி, எங்கீங்க சுருங்கப் போகுது. அப்ப வாயத் தொறக்கல நானு.

மாட்டினாங்க. தொறந்து வெச்சிருக்கறப்ப அழகாதான் இருந்துச்சு. மத்தியானம் வெயிலுக்கு இழுத்து மூடுனா கொசுவம் சரியாவே விழல, சப்பையா நிக்குது, அந்தத் தம்பி சொன்ன அதே காயப்போட்ட பெட்ஷீட். போன் பண்ணேன். புதுத்துணிக்கா, தொங்கத் தொங்க செட் ஆயிடும்னான். பத்து நாள் தொங்குச்சு.

எங்க சித்தி வந்தாங்க ஞாயித்துக்கிழமை, முப்பது வருஷம் பிளவுஸ் தெச்சவங்க. கர்ட்டனத் தொட்டதும் லைனிங்க தூக்குனாங்க (லைனிங் அடில தனியா தொங்கும், தெச்சு மூடியிருக்க மாட்டாங்க, அதுக்குள்ள பாத்தா துணியோட பின்பக்கம் முழுசும் தெரியும்). "ஏண்டி, ஜாயிண்ட் நடுவுல இல்லாம ஓரமா கெடக்கு?" டேப் எடுத்து வெச்சோம். ஜாயிண்டுக்கு இந்தப் பக்கம் 45 இஞ்ச், அந்தப் பக்கம் 21. ரெண்டு முழுத் துண்டு சேத்தா மடிப்பு போக 90 வரணும், இருக்கறது 66. சித்தி அந்த 21 இஞ்ச் பக்கத்து தையல நகத்தால விரிச்சுப் பாத்து, கரை எங்கடின்னாங்க. தறில இருந்து வர்ற துணிக்கு ரெண்டு ஓரத்துலயும் நெய்த கரை இருக்கும், முழு அகலம் போட்டிருந்தா அது மடிப்புக்குள்ள ரெண்டு பக்கமும் இருந்தாகணும். இங்க ஒரு பக்கம் கத்திரி போட்ட பிசிறு. ஒரு துண்ட நெட்டுக்குப் பாதியா கிழிச்சு ரெண்டு கர்ட்டனுக்கும் பாதி பாதி ஒட்டியிருக்கான். ஜன்னலுக்கு 4 துண்டுக்கு காசு, போட்டது 3. மூணு ஜன்னலும் அதே கதை.

ஒன்றரைத் துண்டு தைக்கறதே தப்புன்னு சொல்ல வரல, நெறய பேர் தைப்பாங்க, மூணு துண்டுன்னு சொல்லி மூணுக்கு வாங்குனா நியாயம்.

அப்ப கணக்கு போடுங்க. 9 துண்டு, 84 இஞ்ச் வீதம் 19.2 மீட்டர்தான் என் வீட்ல தொங்குது. 30 மீட்டருக்கு காசு குடுத்தேன். 10.8 மீட்டர் துணி 4,104 ரூபா, லைனிங்கும் அதே அளவுதான், அது 1,728. தெக்காத மூணு பேனலுக்கு தையக்கூலி 750. மொத்தம் 6,582 ரூபா. ஆறாயிரத்து ஐநூத்தி எண்பத்திரெண்டு! இன்னொரு ஜன்னலுக்கே கர்ட்டன் போட்டிருக்கலாம் அந்தக் காசுல.

கடைக்குப் போனேன். தம்பி "டெய்லரக் கேளுங்க்கா". டெய்லர் மாடில இருந்தார், பாவம் வயசானவர், "கட்டிங் கடைலயே பண்ணிக் குடுத்துருவாங்கம்மா, குடுத்தத தெச்சேன், எனக்கு ஒம்பதுக்குத்தான் கூலி குடுத்தாங்க"ன்னார். ஒம்பது! அவர் வாயாலயே. கீழ வந்து ஓனர்கிட்ட சொன்னா அவர் பில்ல ஒரு தடவ பாத்துட்டு, "மேடம், இதுல மீட்டர்தான் இருக்கு, எத்தன துண்டுன்னு எங்க இருக்கு? மீதி கட்டிங் வேஸ்டேஜ்." பத்தே முக்கால் மீட்டர் வேஸ்டேஜாம். சரி அந்த வேஸ்டேஜயாவது குடுங்க, எங்காசுல வாங்குன துணிதானன்னேன். தேடிப் பாத்து கூப்பிடறோம்னாங்க. நாலு நாளாச்சு, இப்ப போன் ரிங் போய்ட்டே கட் ஆகுது.

டிப்ஸ் எழுதறேன்னு குரூப்ல சொல்லியிருந்தேன், பொறுமை இல்ல, சுருக்கமா: பில்லுல ஜன்னலுக்கு எத்தன துண்டு, துண்டு நீளம் எவ்ளோன்னு எழுதச் சொல்லுங்க, வெறும் மீட்டர் மட்டும் இருந்தா காசு குடுக்காதீங்க. தையல் ரேட் கர்ட்டனுக்கா துண்டுக்கான்னு வாயத் தொறந்து கேளுங்க. மாட்டறதுக்கு முன்னாடி தரைல விரிச்சு அகலம் அளங்க, 48 இஞ்ச் துணில ரெண்டு துண்டுன்னா 90 பக்கம் வரணும். லைனிங்க தூக்கி கரை பாருங்க. பாக்கி பாதி காசு அதுக்கப்புறம்.

நாளைக்குக் காலைல சித்தியயும் டேப்பயும் கூட்டிட்டு மறுபடி கடைக்குப் போறேன், ஒரு கர்ட்டன கழட்டி பைல வெச்சாச்சு. 6,582 ரூபா சாமி.