துக்ரா இருந்தாலே துருக்கிக் காசா? கிளிப் மேக்ரோ லென்ஸ் அனுபவம்

போனில் மாட்டுகிற கிளிப் மேக்ரோ லென்ஸை ரொம்ப நாளாகப் பழைய காசுகளைப் படிக்கத்தான் பயன்படுத்துகிறேன். காசிலிருந்து இரண்டு மூன்று சென்டிமீட்டர் தூரத்தில் வைத்தால்தான் ஃபோகஸ் கிடைக்கும். அவ்வளவு கிட்டே போனால் போனின் நிழலே காசை மூடிவிடும். அதனால் மேசை விளக்கைக் காசின் மட்டத்துக்குத் தாழ்த்தி, பக்கவாட்டில் ஒளி விழும்படி வைப்பேன். பிறகு காசை மெல்லத் திருப்பிக்கொண்டே எடுத்த நாலைந்து படங்களில் ஒன்றிலாவது தேய்ந்த எழுத்து நிழல் கட்டி எழும்பி நிற்கும்.

இதன் அருமை உருவமே இல்லாத அரபு எழுத்துக் காசுகளில்தான் தெரியும். உதாரணத்துக்கு, என்னிடம் உள்ள ஒரு வெள்ளிக் காசு. ஒரு பக்கம், வளைந்து நெளிந்த துக்ரா. அது உஸ்மானிய சுல்தானின் கையெழுத்து முத்திரை, அரசர் தலை இருக்க வேண்டிய இடத்தில் அதுதான் இருக்கும். அதைப் பார்த்ததும் துருக்கி என்று எழுதிவிடுவார்கள். நான் மறுபக்கத்துக்குப் போவேன். 'இங்கே அச்சிடப்பட்டது' என்று சொல்லும் வரியில் ஊர்ப் பெயர் நீளமாக ஓடினால் கொன்ஸ்தாந்தினிய்யா, அதாவது இஸ்தான்புல். மூன்றே எழுத்தில் முடிந்தால் மிஸ்ர், அதாவது எகிப்து. இந்தக் காசில் மூன்றே எழுத்து.

சரி, காலம்? ஆண்டு 1293 என்று இருக்கிறது. ஆனால் அது காசு அடித்த ஆண்டு இல்லை, சுல்தான் இரண்டாம் அப்துல் ஹமீது பட்டமேறிய ஹிஜ்ரி ஆண்டு, நம் கணக்கில் 1876. ஆட்சியாண்டு தனியாக, சிறிதாக இருக்கும். இந்தக் காசில் 10. முதல் ஆண்டே 1293 என்பதால் பத்தாம் ஆண்டு 1302, அதாவது 1884-85.

இங்கேதான் லென்ஸ் கைகொடுத்தது. அரபு எண்களில் சுழியம் வெறும் புள்ளி. வெறும் கண்ணுக்கு ஒரு கோடு மட்டும் தெரிந்தது. புள்ளியை விட்டால் பத்து ஒன்றாகி, காசு 1876-க்குப் போய்விடும். பக்க ஒளியில் அந்தப் புள்ளிக்கு வட்டமான நிழல் விழுந்தது. அழுக்காக இருந்திருந்தால் ஒளியைத் திருப்பும்போது அப்படி ஒழுங்கான வட்டம் நிற்காது. அப்புறம் காசில் இருந்த சின்ன டபிள்யூ எழுத்து பெர்லின் அக்கசாலையின் குறி. ஆக, பிரிட்டிஷ் படை எகிப்தில் இருந்த காலத்தில், உஸ்மானிய சுல்தான் பெயரில், ஜெர்மனியில் அடித்த எகிப்தியக் காசு.

எண்ணைப் படிக்கும் முன் காசு நேராக இருக்கிறதா என்று பாருங்கள். ஏழு 'வி' மாதிரி, எட்டு அதைக் கவிழ்த்த மாதிரி. தலைகீழாகப் பிடித்தால் இரண்டும் இடம் மாறும். ஆட்சியாண்டு முழுக்கத் தேய்ந்த காசுக்கு லென்ஸாலும் வழியில்லை. அப்படிப்பட்டதற்கு அப்துல் ஹமீதின் ஆட்சிக்காலமான 1876-1909 என்று மட்டும் உறையில் எழுதி வைக்கிறேன்.