லைன் மாற்றியதும் டேட்டா வரவில்லையா: APN-ஐ ரீசெட் செய்வதா, திருத்துவதா, புதிதாகப் போடுவதா?

சுங்கை சிப்புட் பக்கம் எஸ்டேட் வீடுகளில் அடிக்கடி கேட்கிற புகார் இது. நம்பரை மாற்றாமல் வேறு லைனுக்குப் போகிறார்கள். சிக்னல் கோடு முழுசாக இருக்கிறது, போன் பேச முடிகிறது, வாட்ஸ்அப் மட்டும் ஓடவில்லை. பெரும்பாலும் போனை நிறுவனத்தின் டேட்டாவோடு இணைக்கும் அமைப்பான APN தான் காரணம். ஆண்ட்ராய்டில் இதற்கு மூன்று வழி உண்டு.

கடைக்காரத் தம்பி முதலில் செய்வது Reset to default. சிம்மில் உள்ள நிறுவன எண்ணைப் பார்த்து, போன் தன்னிடம் ஏற்கெனவே இருக்கும் பட்டியலிலிருந்து APN-ஐ எடுத்துக்கொள்ளும். பெரிய நிறுவனத்துக்கு மாறியவர்களுக்கு இதுவே போதும். ஆனால் மலிவான பேக்கேஜ் தரும் சில சிறிய நிறுவனங்கள் பெரிய நிறுவனத்தின் டவரை வாடகைக்கு எடுத்து நடத்துகின்றன. அந்த சிம்மில் டவர்காரரின் எண்ணே இருந்தால், போன் டவர்காரரின் APN-ஐயே போட்டுவிடக்கூடும். அப்படியானால் எத்தனை முறை ரீசெட் செய்தாலும் அதுவேதான் வரும்.

சரி, இருப்பதையே திருத்தலாமா? பல போன்களில் அந்தக் கட்டங்கள் பூட்டியிருக்கும். திறந்திருந்தாலும் Proxy, Port கட்டங்களில் பழைய எண் தங்கிவிடும் ஆபத்து உண்டு. அப்போது 4G என்று காட்டும், ஆனால் பிரௌசரில் பக்கம் திறக்காது. 4G எழுத்தே வரவில்லை என்றால் APN பெயர் தவறாக இருக்கலாம். இந்த வித்தியாசத்தைக் கவனித்தால் எங்கே தேடுவது என்று தெரிந்துவிடும்.

என் ஓட்டு புதிதாகப் போடுவதற்குத்தான். APN பக்கத்தில் கூட்டல் குறியைத் தட்டுங்கள். Name-இல் எதை வேண்டுமானாலும் எழுதலாம். APN கட்டத்தில்தான் நிறுவனம் சொல்லும் சொல்லை அப்படியே, ஸ்பேஸ் விடாமல் எழுத வேண்டும். யு மொபைலுக்கு அது `my3g`, மெக்சிஸுக்கு `unet`. APN type-இல் இப்படி இருக்கட்டும்:

```
default,supl
```

`default` இல்லையென்றால் டேட்டா வராது. நாட்டு எண்ணான MCC, நிறுவன எண்ணான MNC இரண்டையும் தொடாதீர்கள். மலேசியாவுக்கு MCC `502`. MNC சிம்மைப் பார்த்துத் தானாக வந்திருக்கும். அதை மாற்றிச் சேமித்தால், போட்ட APN பட்டியலிலிருந்தே காணாமல் போகும். சேமிக்கவில்லை என்று நினைத்து அக்காமார் திரும்பத் திரும்பப் போடுவது இதனால்தான். மூன்று புள்ளியைத் தட்டி Save கொடுத்து, பட்டியலில் அதன் பக்கத்து வட்டத்தையும் தேர்ந்தெடுங்கள். அப்புறம் ஏரோப்ளேன் மோடைப் போட்டு எடுத்தால் போதும்.

ஒரு குறை உண்டு: பிறகு யாராவது ரீசெட் அழுத்தினால் கையால் போட்டது அழிந்துவிடும். அதனால் திரையைப் படம் பிடித்து வையுங்கள்.

ஐபோனில் கதை வேறு. நிறுவனம் அனுமதித்தால்தான் APN கட்டமே தெரியும். பழைய நிறுவனம் போட்ட ப்ரொஃபைல் ஏதாவது இருந்தால் முதலில் அதை நீக்குங்கள். அது இருக்கும்வரை புது APN வேலை செய்யாமல் போகலாம்.