346346-க்கு மூன்று விளக்கங்கள், எனக்குப் பிடித்தது ஒன்று

பள்ளி விடுமுறையில் அக்கா மகன் வீட்டுக்கு வந்திருந்தான். தொடக்கநிலை ஐந்து. மின்தூக்கிக்குக் காத்திருந்தபோது எங்கள் புளோக் எண்ணைக் காட்டி, "இதை ரெண்டு தடவை சேர்த்து எழுது. 7-ஆல வகு, வர்றத 11-ஆல வகு, அப்புறம் 13-ஆல வகு" என்றேன். கைபேசியில் 346346 என்று தட்டினான். 49478, 4498, கடைசியில் 346. மீதியே வரவில்லை, புறப்பட்ட எண்ணே திரும்பி வந்து நின்றது. "எப்படி மாமா?" என்றான். அங்கேதான் மாட்டிக்கொண்டேன். இதற்கு மூன்று விதமாகப் பதில் சொல்லலாம். எதைச் சொல்வது?

முதல் வழி, துணைப்பாட வகுப்பில் சொல்லித்தரும் வகுபடு சோதனைகள். 11-க்கு இது அழகாகவே இருக்கிறது. இலக்கங்களை மாற்றி மாற்றிக் கூட்டிக் கழித்தால் 3−4+6−3+4−6, பூச்சியம். எந்த மூன்று இலக்கத்தை எடுத்தாலும் இப்படித்தான் அடிபடும் என்பது பார்த்தவுடனே தெரிகிறது. ஆனால் 7-க்கு வந்தால் கடைசி இலக்கத்தை இரட்டித்துக் கழிக்க வேண்டும்: 34622, 3458, 329, 14. சரி, வகுபடுகிறது. 13-க்கு இன்னொரு விதி, இன்னொரு நாலு வரி. இவ்வளவு செய்தும் 346-க்கு மட்டும்தான் பதில் கிடைத்திருக்கிறது. 100 முதல் 999 வரை 900 எண்கள் இருக்கின்றனவே.

இரண்டாவது வழியைத்தான் நான் எடுத்தேன். 346346 என்பது 346000-உடன் 346. அதாவது ஆயிரம் 346-களும், இன்னும் ஒரு 346-உம். மொத்தம் 1001 தடவை 346. 1001 = 7 × 143, 143 = 11 × 13. அவ்வளவுதான். மூன்று காரணிகளும் 346-இல் இல்லை, 1001-இல் இருக்கின்றன. அதனால் முன்னால் எந்த எண்ணைப் போட்டாலும் அவை கூடவே வரும். எந்த வரிசையில் வகுத்தாலும் சரி, மூன்றும் சேர்ந்து அந்த 1001-ஐத்தான் அழிக்கின்றன.

அவனுக்கு முதலில் 1000 என்றே தோன்றியது. "ரெண்டு தடவைதானே எழுதினோம், ஆயிரத்தால பெருக்கினா போதாதா?" என்றான். ஒரு தாளில் 346000 எழுதி, அதன் கீழே வலது ஓரத்தில் 346-ஐ வைத்துக் கூட்டிக் காட்டிய பிறகுதான் அந்த கூடுதல் ஒன்று அவன் கண்ணில் பட்டது.

மூன்றாவது வழி கொஞ்சம் வளர்ந்த பிள்ளைகளுக்கு. 1000 என்பது 1001-க்கு ஒன்று குறைவு. எனவே 7, 11, 13 மூன்றுக்கும் மீதி பார்க்கும்போது ஆயிரம் என்பது −1 போலத்தான். ஆறு இலக்க எண்ணை மூன்று மூன்றாக வெட்டி, பின்பாதியிலிருந்து முன்பாதியைக் கழித்தால் மீதி தெரிந்துவிடும். 346346-க்கு வித்தியாசம் பூச்சியம், எனவே மூன்றாலும் வகுபடும்.

எனக்கு முடிவைத் தீர்மானித்தது ஒரே விஷயம்: கேள்வியைக் கொஞ்சம் திருப்பினால் விளக்கம் தாங்குமா? பிள்ளைகள் சும்மா விடமாட்டார்கள். பத்து நிமிடத்தில் "ரெண்டு இலக்கம்னா?" என்று கேட்டான். 4545 போட்டுப் பார்த்தோம், 7-ஆல் வகுத்தால் மீதி 2. சோதனை விதிகள் இங்கே 'வகுபடாது' என்பதோடு நின்றுவிடும். பெருக்கல் வழியில் காரணமும் கிடைக்கிறது: 4545 = 45 × 101, அந்த 101 ஒரு பகா எண். நாலு இலக்க எண்ணை இரண்டு தடவை எழுதினால் பெருக்கும் எண் 10001, அது 73 × 137. அங்கே 7, 11, 13-க்கு வேலையில்லை, 73-உம் 137-உம் அந்த இடத்துக்கு வந்துவிடுகின்றன. எழுதும் இடைவெளிதான் பெருக்கும் எண்ணை முடிவு செய்கிறது என்று அவனே பிடித்துக்கொண்டான். 045045 கூட, திரையில் 45045 என்று சுருங்கினாலும், 45 × 1001 தான்.

மூன்றாவது வழி ஜெயிக்கும் இடமும் உண்டு, மறைக்க வேண்டாம். 346353 போல முழுதாகத் திரும்பாத எண்ணுக்கு 353−346 = 7. எனவே 7-ஆல் வகுபடும், 11, 13-ஆல் வகுபடாது. 1001-ஐ மட்டும் பிடித்துக்கொண்டிருந்தால் இதை இவ்வளவு சுலபமாகச் சொல்ல முடியாது. ஆனால் நான் சொல்லிக்கொடுத்ததெல்லாம் இவனுக்கும் இவன் தங்கைக்கும் மட்டும்தான். −1 என்றதும் இருவரும் முழித்தார்கள். உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளிடம் அதுவே எடுபடலாம்.

கிளம்பும் முன் மூன்று தடவை எழுதிப் பார்த்தான்: 346346346. 7-ஆல் வகுத்தால் மீதி 3. "கெட்டுப்போச்சு மாமா" என்றான். இப்போது பெருக்கும் எண் 1001001, அதில் 7 இல்லை, 11 இல்லை, 13-உம் இல்லை. 3-உம் 333667-உம் மட்டும் இருக்கின்றன என்றேன். நாலு தடவை எழுதினால் 346346 இரண்டு முறை வருகிறதே, அப்போது திரும்ப வகுபடுமா என்று செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டான். வகுபடும்.