கல்லாக் குறை: மாத முடிவுக் கணக்கா, அன்றாடச் சீட்டா?

சுங்கை சிப்புட்டில் ஒரு பேரங்காடியில் மேற்பார்வையாளராக இருந்தபோது, காசாளர்களுக்கு மதிப்பெண் போட இரண்டு முறைகளைப் பார்த்திருக்கிறேன். முதலாவது எங்கள் மேலாளருடையது: மாதக் கடைசியில் கல்லா மொத்தம் எவ்வளவு குறைந்தது என்று பார்ப்பது, குறைந்ததைச் சம்பளத்தில் பிடிப்பது. இரண்டாவதில் ஒவ்வொரு வேலை நேரமும் முடிந்ததும் பணத்தை எண்ணி, குறைவைத் தனியாகவும் மிகுதியைத் தனியாகவும் சீட்டில் எழுத வேண்டும். எண்ணி முடிக்கும்வரை கணினி காட்டும் தொகையைக் காசாளர் பார்க்கக் கூடாது.

ஒரே மாதத்தில் இரண்டு கல்லாக்களுக்கு இரண்டு முறையையும் போட்டுப் பார்த்தேன். மூன்றாம் கல்லாவில் மாத முடிவில் 6 வெள்ளி 20 காசு குறைவு. ஐந்தாம் கல்லாவில் 51 வெள்ளி 40 காசு. மேலாளர் கணக்கில் மூன்றாமவர் கெட்டிக்காரர், ஐந்தாமவர் கவனமில்லாதவர்.

சீட்டுகள் வேறு கதை சொல்லின. மூன்றாம் கல்லாவில் 24 நாள்களில் 11 நாள் குறைவு, மொத்தம் 118.30, 9 நாள் மிகுதி, மொத்தம் 112.10. ஒன்றையொன்று அடித்துக்கொண்டதால்தான் 6.20 மிஞ்சியது. மிகுதி என்றால் யாரோ ஒரு வாடிக்கையாளருக்குச் சில்லறை குறைத்துக் கொடுக்கப்பட்டிருக்கலாம். அதை நல்ல மதிப்பெண்ணாக மாற்றுவது என்ன நியாயம்? ஐந்தாம் கல்லாவில் 23 நாள்களில் வித்தியாசம் ஒரு வெள்ளியைத் தாண்டவில்லை, கூட்டினால் 6.40 குறைவு. மீதி 45 வெள்ளி முழுவதும் ஒரே நாளில் போனது.

அது எட்டாம் தேதி, சனிக்கிழமை. முந்தைய மாதச் சம்பளத்தை ஏழாம் தேதிக்குள் கொடுத்தாக வேண்டும் என்பதால், தோட்டத்துச் சனம் அந்த வாரக் கடைசியில்தான் அரிசி, எண்ணெய், பால்மாவு வாங்க மொத்தமாக இறங்கும். குறைவு ஒன்பதால் மீதியின்றி வகுபட்டால், ஒரு நோட்டுக்குப் பதில் அதன் பத்து மடங்கு நோட்டு கைமாறியிருக்குமோ என்று முதலில் சந்தேகிப்பேன். 9 வெள்ளி என்றால் ஒன்றுக்குப் பதில் பத்து. 45 என்றால் ஐந்துக்குப் பதில் ஐம்பது. மீதிச் சில்லறையில் ஐந்து வெள்ளி நோட்டு வந்திருக்கக்கூடிய ரசீதுகளை மட்டும் பிரித்தெடுத்து, அந்த நேரங்களின் கேமரா பதிவைப் பார்த்தோம். 14.85க்கு இருபது கொடுத்த ஒரு பாட்டிக்கு ஐம்பது வெள்ளி நோட்டும் பதினைந்து காசும் போயிருந்தன. பெட்டி நிரம்பி வழிந்ததால் ஐம்பதுகள் ஐந்தின் அறைக்குள்ளேயே கிடந்தன. பெரிய நோட்டுகளை நடுவில் எடுத்துப் பெட்டகத்துக்குக் கொண்டுபோக வேண்டியவர் யார்? நான்தான். அந்தப் பிழையில் பாதியை என் பெயரில் எழுதினேன்.

குறைவு ஒன்பதால் வகுபடாமல், ஏதோ ஒரு ரசீதின் தொகையோடு அப்படியே பொருந்தினால், மின்பணப்பையில் கட்டியதை ரொக்கம் என்று அழுத்தியிருப்பார்கள். அதற்குத் தேடல் ஐந்து நிமிடம்.

சம்பளத்தில் பிடிப்பது தீபகற்பத்தில் சட்டப்படியும் சிக்கல். 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டத்தின் 24ஆம் பிரிவு அனுமதிக்கும் பிடித்தங்களில் கல்லாக் குறை என்று ஒன்று இல்லை. அதைவிடப் பெரிய கேடு, பிடிப்பார்கள் என்று தெரிந்ததும் மிகுதியாக வந்த காசை ஒரு டப்பாவில் போட்டு வைத்து, குறையும் நாளில் எடுத்து நிரப்புவார்கள். மாதம் முழுவதும் சுழியமே காட்டும் கல்லாவைக் கண்டால் எனக்கு மகிழ்ச்சி வராது. டப்பா எங்கே என்று பார்ப்பேன்.

வேகத்தில் மூன்றாமவர் முந்துகிறார், ஆனால் எப்படி என்று பார்க்க வேண்டும். ஆறு சுவையில் ஆறு பிஸ்கட் பொட்டலம் வந்தால் ஒன்றை வருடிவிட்டு ஆறு என்று தட்டிவிடுவார். விலை ஒன்றே என்பதால் பணம் சரியாக இருக்கும், சரக்குக் கணக்கு கெடும். நான் வேகத்தை முதல் பொருளிலிருந்து மொத்தத் தொகை வரை மட்டும் அளப்பேன். தாத்தா முடிச்சவிழ்த்துக் காசு எண்ணும் நேரத்தைக் காசாளர் தலையில் கட்டக் கூடாது.

பணிவுக்குத் தனி அளவுகோல் தேடவில்லை. "ஐம்பது வெள்ளி கொடுத்திருக்கிறீர்கள், அம்மா" என்று வாய்விட்டுச் சொல்லி, மீதியைக் கொடுக்கும்வரை அந்த நோட்டை பெட்டிக்குள் போடாமல் மேலேயே வைக்கிறாரா என்று பார்ப்பேன். ஐந்தாமவர் வைப்பார். மூன்றாமவர் சிரித்த முகம்தான், ஆனால் நோட்டு உடனே உள்ளே போய்விடும்; பிறகு "நான் நூறு கொடுத்தேன்" என்று யாராவது சொன்னால் காட்டுவதற்குக் கையில் ஒன்றும் இருக்காது.

அன்றாடச் சீட்டுக்கும் ஓட்டை உண்டு. தெரிந்தவர் பொருளை வருடாமலே பைக்குள் தள்ளிவிட்டாலோ, ரசீதில் ஒரு பொருளை ரத்து செய்து அதன் காசை எடுத்துவிட்டாலோ, கல்லா ஒரு காசு பிசகாமல் நிற்கும். அதற்கு ரத்துப் பட்டியலைத் தனியாகப் பார்த்தாக வேண்டும்.

இந்த ஓட்டையோடும் நான் அன்றாடச் சீட்டின் பக்கம்தான். அந்த மாதம் துல்லியத்தில் ஐந்தாமவருக்கு ஐந்துக்கு நான்கு, மூன்றாமவருக்கு இரண்டு போட்டேன். மேலாளர் கையெழுத்திட மூன்று நாள் எடுத்துக்கொண்டார்.