மூச்சுக்கு இடம்: நீட்டலா, இடைவெளியா?

ஆறேழு வயதுப் பிள்ளைகளின் சேர்ந்திசைக்கு மெட்டு அமைக்கும்போது, வரி முடிவில் மூச்செடுக்க எப்படி இடம் விடுவது? ஸ முதல் ப வரை ஐந்தே சுரங்கள், ஸ என்பது பியானோவின் நடு சி-க்கு அடுத்த டி. நான்கு எண்ணிக்கைத் தாளம், நிமிடத்துக்கு 80 எண்ணிக்கை. ஒரு வரிக்கு எட்டு எண்ணிக்கை, அதாவது ஆறு விநாடி.

வரி முடிவை எழுத இரண்டு வழிகள். முதல் வழி, வரியின் கடைசிச் சுரத்தை நான்கு எண்ணிக்கையும் நீட்டுவது. தாளில் அழகாகத்தான் இருக்கும். ஆனால் மூச்சு எங்கே? சிலர் முன்னதாகவே விட்டுவிடுவார்கள், சிலர் முழுக்கப் பிடித்துவிட்டு அடுத்த வரியின் முதல் அசையை விழுங்குவார்கள். அந்த அசை மங்கலாகக் கேட்டால் கோளாறு மெட்டில்தான், பிள்ளைகளிடம் இல்லை.

இரண்டாவது, மூன்று எண்ணிக்கை நீட்டி, நான்காவதை மௌனமாக எழுதிவிடுவது. முக்கால் விநாடி கிடைக்கும். எல்லோரும் ஒரே இடத்தில் மூச்செடுப்பார்கள். மௌனத்துக்கு அடுத்த சுரம் ப ஆக வேண்டாம்: நிறைந்த மூச்சோடு உச்சத்தில் தொடங்கினால் கத்தலாகிவிடும். க-வில் தொடங்கி ஏறட்டும்.

பாட்டு துண்டு துண்டாகக் கேட்கிறதா? மௌனத்தில் பக்கவாத்தியம் நகரட்டும். ஒருவர் மாற்றி ஒருவர் மூச்செடுக்கப் பழகிய பெரிய பிள்ளைகளுக்கு மட்டும் முதல் வழி சரி.