டீ-சட்டை லோகோவை எடுத்துத் தருகிறேன் என்றவரிடம் 400 வெள்ளி விட்டேன்

பிரிக்பீல்ட்ஸில் ஒரு வாழை இலைச் சாப்பாட்டுக் கடைக்கு 40 விநாடி விளம்பரம் எடுத்துக் கொடுத்தேன். சாம்பார் ஊற்றும் அண்ணன் அன்றைக்கென்று பார்த்து, நெஞ்சில் பெரிய லோகோ போட்ட டீ-சட்டையில் வந்திருந்தார். ஷூட்டிங்கில் நான் கவனிக்கவில்லை, அது என் தப்பு. சட்டையை உள்பக்கமாகத் திருப்பிப் போடச் சொல்லியிருந்தாலே போதும். கடைக்காரர் பார்த்துவிட்டு, "அடுத்தவன் பேரு நம்ம விளம்பரத்துல வேணாம் தம்பி" என்றார்.

ஃபேஸ்புக்கில் ஓர் எடிட்டர் கிடைத்தார். 6 விநாடி ஷாட்டுக்கு 400 வெள்ளி, பாதி முன்பணம். இரண்டு நாளில் வாட்ஸ்அப்பில் வீடியோ வந்தது. கைப்பேசியில் சுத்தமாகத்தான் தெரிந்தது. மீதியையும் கட்டிவிட்டேன்.

கடை டிவியில் போட்டதும் மானம் போனது. அண்ணன் மூச்சு விட்டால் சட்டை அசைகிறது, லோகோவை மறைத்த இடம் மட்டும் ஒட்டுத்துணி மாதிரி அதன்மேல் வழுக்குகிறது. கரண்டிக் கை நெஞ்சைக் கடக்கும்போது விரல் நுனிகள் காணாமல் போய்த் திரும்பி வருகின்றன. கையின் நிழல் சட்டையில் விழுகிறது, அந்தச் சதுரத்தில் மட்டும் விழவில்லை.

காரணம் அப்புறம்தான் புரிந்தது. அவர் ஒரே ஒரு புள்ளியை டிராக் செய்து, அதாவது ஃபிரேமுக்கு ஃபிரேம் பின்தொடர வைத்து, சட்டை நிறத்தில் ஒரு துண்டை ஒட்டியிருக்கிறார். ஒரு புள்ளிக்கு மேலே கீழே, இடம் வலம் நகர்வது மட்டும்தான் தெரியும்; உடம்பு திரும்புவதும் சாய்வதும் தெரியாது. அதற்கு நெஞ்சுப் பகுதியை ஒரு பரப்பாகவே பின்தொடரும் பிளேனர் டிராக்கிங் வேண்டும், துணி அதிகம் மடிந்தால், வலை மாதிரி பல புள்ளிகளில் மடிப்பையும் பின்தொடரும் மெஷ் டிராக்கிங். ஒரு ஃபிரேமில் பக்கத்துத் துணியை குளோன் செய்து, அதாவது நகலெடுத்து, லோகோவை மூடி, அந்தத் துண்டை டிராக்கோடு ஓட்டி, நிழலுக்கேற்ப அதைக் கறுப்பாக்க வேண்டும். கை கடக்கும் ஃபிரேம்களில் கையை ரோட்டோ செய்து, அதாவது ஃபிரேம் ஃபிரேமாக ஓரம் பார்த்து வெட்டியெடுத்து, மேலே வைக்க வேண்டும். கடைசியாக, படத்தில் தெரியும் பொடிப்புள்ளிகளான கிரெய்னை ஒட்டிய இடத்திலும் சேர்க்க வேண்டும். இரவில் எடுத்த வீடியோவில் சட்டை முழுக்கப் பொடிப்பொடியாக இருக்கும்போது, ஒட்டிய இடம் மட்டும் மழமழவென்று இருந்தால் கண் நேரே அங்கேதான் போகும்.

யாருக்காவது இந்த வேலையைக் கொடுத்தால், மீதிப் பணத்துக்கு முன் மூல அளவு ஃபைலைக் கேளுங்கள். வாட்ஸ்அப் வீடியோவை அமுக்கி அனுப்புவதால் கிரெய்ன் எல்லாம் ஏற்கெனவே கரைந்திருக்கும், ஒட்டு தெரியாது. ஃபைலை கணினியில் 100 விழுக்காட்டில் வைத்து, கை கடக்கும் இடத்தை ஃபிரேம் ஃபிரேமாக நகர்த்துங்கள். கான்ட்ராஸ்ட்டை ஏற்றிப் பார்த்தால் சதுரம் தானாக எழுந்து நிற்கும்.

அவரிடம் கேட்டதற்கு, "நீங்கதானே பாஸ் ஓகே சொன்னீங்க" என்றார். மறுநாள் பிளாக்.

கடைசியில் நானே பத்து நிமிடத்தில் முடித்தேன். 4கே-யில் எடுத்தது, விளம்பரமோ 1080. அதனால் தெளிவு குறையாமல் இரண்டு மடங்கு வரை பெரிதாக்கலாம். கை, கரண்டி, இலை மட்டும் தெரியும்படி ஷாட்டை இறுக்கினேன். லோகோ வெளியே போனது. அண்ணன் முகமும் சேர்ந்தே போனது, இன்னும் என்னிடம் சரியாகப் பேசுவதில்லை.